அரிசித் தட்டும் விலைச்சீட்டும்

மளிகைக்கடை என்றால் பலகைக்கு அப்பால் கடைக்காரரும் இப்பால் வாங்க வந்தவரும் நின்று, நடுவில் ஒரு தராசும் ஒரு சாமான் ஜாபிதாவும் மட்டும் இருந்த காலத்தில், விலைச்சீட்டுக்கு அங்கே வேலையே இருந்ததில்லை. "இட்லிக்கு எது நல்லா வரும்?" என்று கேட்டால் கடைக்காரர் வாயே பதில் சொல்லும், "போன மாசத்தைவிட ஏன் கூட?" என்றால் அதற்கும் அவரே, சற்று நீளமாகவே, சமாதானம் சொல்வார். 1916-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற விசித்திரமான பெயரில் ஒரு கடை திறந்து, வாங்குபவர்களையே உள்ளே நடமாடவிட்டு அவரவர் கையாலேயே சாமானை எடுத்துக்கொள்ளச் செய்தபோது, ஒவ்வொரு பொருளின்மீதும் விலை எழுதியே தீரவேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு உண்டாயிற்று. ஏனென்றால் தட்டுக்கு முன்னால் கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில், அந்தக் கேள்விக்குரிய பதில் எழுத்தாகத் தட்டிலேயே தொங்கியாகவேண்டும்.

அந்த ஏற்பாடு தஞ்சாவூர் ஜில்லாவின் சின்ன ஊர்களுக்கு வந்து சேர வெகு காலம் பிடித்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், சில வருஷங்களுக்கு முன்பு பலகையை எடுத்துவிட்டு இரும்புத் தட்டுகளை வரிசையாக நிறுத்தி, "அண்ணே, உங்க கையெழுத்து நல்லா இருக்கும்; சீட்டெல்லாம் நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க" என்று என்னை அழைத்தான். கையெழுத்து நன்றாக இருப்பதற்கும் விலைச்சீட்டு நன்றாக இருப்பதற்கும் அதிக சம்பந்தமில்லை என்பதை அவன் அரிசித் தட்டுக்கு முன்னால் நின்ற சற்று நேரத்திலேயே தெரிந்துகொண்டேன். அன்று முதல் அவ்வப்போது போய், எழுதியும் அழித்தும், வாங்க வருகிறவர்கள் எந்தச் சீட்டின் முன் தயங்குகிறார்கள், எதைப் படித்துவிட்டும் கடைப்பையனைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தும் வந்திருக்கிறேன். இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான்.

காவிரிப் பாசனத்து ஊர்களில் அரிசி வாங்க வருகிறவர்கள் ஒரே ஜாதி மனிதர்களல்லர். இதுதான் முதல் சிக்கல். 1922-இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய நாளிலிருந்து, இந்தப் பக்கத்து விவசாயிக்கு அரிசியின் பெயர் விதையின் பெயர்தான்: ஏடிடி 43, ஏடிடி 45, சி.ஆர். 1009 என்று எண்ணோடு சொல்வார். வயலில் எது நின்றது, எத்தனை நாள் பயிர், எது சாய்ந்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் அவருக்கு அடக்கம். ஆனால் அவர் வீட்டிலேயே, பட்டணத்திலிருந்து வந்த மருமகளுக்கு அதே அரிசி பையின்மீது அச்சிட்ட படத்தாலும் வியாபாரப் பெயராலும் மட்டுமே தெரியும். ஒரு பையை டீலக்ஸ் என்பாள், மற்றொன்றை மயில் படம் போட்ட பை என்பாள். ஆலைக்காரர் போட்ட பெயரைப் பெரியவர் நம்புவதில்லை. விதையின் எண் மருமகளுக்குப் புரிவதில்லை. ஆகவே ஒரு சீட்டில் பெயர் இரண்டுமே இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஆந்திரப் பொன்னி என்று எல்லோரும் சொல்லும் அரிசி, ஆந்திரத்துப் பாபட்லாவிலிருந்து வந்த பி.பி.டி. 5204 தான், இரண்டையும் சேர்த்து எழுதினால் இருவரும் நின்று, படித்து, கேள்வி இல்லாமல் போய்விடுகிறார்கள்.

பெயருக்கு அடுத்தபடி எழுதவேண்டியது விலையென்றே நானும் நினைத்திருந்தேன். வாங்குகிறவர்கள் அப்படி நினைக்கவில்லை. தட்டுக்கு முன்னால் நிற்பவர் முதலில் கேட்பது "இது எதுக்கு?" என்பது. சோற்றுக்கா, இட்லிக்கா, பலகாரத்துக்கா என்ற உபயோகம் தெரியாமல், கிலோ 45 ரூபாய் என்றும் 62 ரூபாய் என்றும் இரண்டு சீட்டுகளை அடுத்தடுத்து வைத்தால், மலிவான அரிசி மட்டமான அரிசி என்ற தப்பான அனுமானத்தைத்தான் அவை உண்டாக்கும். சி.ஆர். 1009 போன்ற குண்டு அரிசி சோற்றுக்கு அவ்வளவு மதிப்புப் பெறாவிட்டாலும் இட்லிக்கு அதுவே சிலாக்கியமானது. அதன் சீட்டில் "இட்லிக்கு, தோசைக்கு" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தவுடன், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்து நகர்ந்தவர்கள் நின்று வாங்கத் தொடங்கினார்கள். புழுங்கலா பச்சையா என்பது கண்ணுக்கே தெரியும் என்று விட்டுவிடக் கூடாது. கட்டிய பைக்குள் இருப்பது தெரியாது, அதையும் எழுதவேண்டும்.

பிறகு பழையதா புதியதா என்ற கேள்வி. இதில்தான் விலைச்சீட்டு பொய் சொல்லத் தொடங்குகிறது. வேண்டுமென்று அல்ல, சோம்பலால். தை மாதம் சம்பா அறுவடை முடிந்து புது நெல் ஆலைக்குப் போய் அரிசியாகத் திரும்பி வரும் நாட்களில், கடையில் பழைய அரிசி மூட்டையும் புது அரிசி மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். புது அரிசி உலையில் தண்ணீரைக் குறைவாகவே வாங்கும். பழக்கப்படி தண்ணீர் வைத்தால் குழைந்துபோகும். பழைய அரிசி நன்றாக உப்பி, உதிரியாக நிற்கும். அதனால்தான் அதற்கு விலையும் கூடுதல். சுவரில் ஆணியடித்து மாட்டிய சீட்டில் "பழையது" என்று எழுதியிருக்க, கீழே இருந்த பழைய மூட்டை காலியாகிக் கடைப்பையன் அந்த இடத்திலேயே புது மூட்டையைப் பிரித்து வைத்துவிட்டால், சீட்டு அப்படியே இருக்கும், அரிசி மட்டும் மாறியிருக்கும். இதைக் கடைக்காரன் தானாகக் கண்டுபிடிப்பதில்லை; நாலு நாள் கழித்து ஓர் அம்மாள் வந்து, "தம்பி, சோறு களியாப் போச்சே, இதுவா பழசு?" என்று கேட்கும்போதுதான் தெரியவரும். இதற்குப் பரிகாரம் மிக எளியது: அரிசிச் சீட்டைச் சுவரில் மாட்டாமல், ஒரு மூங்கில் குச்சியில் செருகி அந்த மூட்டைக்குள்ளேயே நட்டுவிடவேண்டும். மூட்டை காலியானால் குச்சி சாய்ந்து கையோடு வந்துவிடும்; அடுத்த மூட்டையில் அதை நடுகிறவன் அதைப் படித்தே தீருவான். பழைய அரிசிக்கடைகளில் மூட்டைக்கு மூட்டை அட்டை குத்தி வைக்கும் வழக்கத்தில் இந்த நியாயம் இருந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புலப்பட்டது.

இனி, விலை. 2022-ஆம் வருஷம் ஜூலை 18-ஆம் தேதிக்குப் பிறகு டெல்டாவிலும் தமிழ்நாடு முழுதிலும் அரிசிக்கடைக்குள் நுழைந்தவர்கள் ஒரு விநோதத்தைக் கண்டிருப்பார்கள்: அதுவரை 25 கிலோ பையாக வந்துகொண்டிருந்த அரிசி, திடீரென்று 26 கிலோ பையாக வரத் தொடங்கிற்று. அளவு எழுதிக் கட்டி, லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் ஐந்து சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு, அதற்குமேல் கட்டினால் இல்லை என்று அன்று முதல் விதி வந்ததால், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைச் சேர்த்துக் கட்டி வரியைத் தாண்டிவிட்டார்கள். இதில் கடைக்காரனுக்கு வந்த சங்கடம் என்னவென்றால், சில ஆலைகளிலிருந்து இரண்டு அளவுப் பைகளும் வருகின்றன, வாங்குகிறவருக்குக் காரணம் தெரியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வரியில்லாமல் கிலோ 60 ரூபாய் விழுகிற அரிசி என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ பை 1,500 ரூபாய். அதன்மேல் ஐந்து சதவிகிதம் 75 ரூபாய் சேர்ந்து 1,575. அதே அரிசி 26 கிலோ பையில் 1,560. பெரிய பை சின்னப் பையைவிடப் பதினைந்து ரூபாய் மலிவு! இந்த இரண்டு எண்களை மட்டும் எழுதி இரண்டு பைகளையும் அடுத்தடுத்து வைத்தபோது ஜனங்கள் எதை எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பலர் சின்னப் பையையே எடுத்தார்கள். அளவில் கூடியும் விலையில் குறைந்தும் இருக்கிற பையில் ஏதோ கோளாறு இருக்கவேண்டும், நொய் கலந்த அரிசியாகவோ பூச்சி விழுந்த சரக்காகவோ இருக்கும் என்று அவர்கள் எண்ணியது அநுபவத்தில் விளைந்த புத்திதான்; அதைக் குறை சொல்வதற்கில்லை.

சீட்டை மாற்றி எழுதினோம். மேல் வரியில் அரிசியின் பெயர். அதன் கீழ் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், கிலோ விலை: ஒன்றில் 63, மற்றொன்றில் 60. பையின் மொத்த விலை அதற்குக் கீழே, பாதி அளவு எழுத்தில். கடைசி வரியில், "இரண்டும் ஒரே ஆலை, ஒரே அரிசி, 25 கிலோ வரை கட்டிய பைக்கு வரி உண்டு, 26 கிலோவுக்கு இல்லை." இந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. மலிவுக்கு ஒரு காரணம் சொல்லாத சீட்டு சந்தேகத்தை வளர்க்கிறது. காரணம் ஒரு வரியில் அடங்கிவிட்டால், படித்தவர் பக்கத்தில் நிற்பவருக்கும் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கட்டிய சரக்கின்மேல் எடை, அதிகபட்சச் சில்லறை விலை, கட்டிய மாதம் முதலியவற்றை அச்சிடவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் 2011-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகள், வகுக்கப்பட்டபோதே 25 கிலோவுக்கு மேற்பட்ட பைகளை அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கியே வைத்திருந்தன. ஆகவே 26 கிலோ பையின்மீது விலையே அச்சிடாமல் வருவதுண்டு. அங்கே கடைக்காரன் எழுதும் சீட்டு ஒன்றுதான் விலைக்குச் சாட்சி. சின்னப் பையில் சீட்டு கிழிந்து போனாலும் அச்சு இருக்கிறது. பெரிய பையில் சீட்டு போனால் விலையும் போயிற்று. பிரித்த மூட்டையிலிருந்து கண்ணெதிரே நிறுத்துக் கொடுக்கும் சில்லறை அரிசிக்கு அந்த ஜி.எஸ்.டி. வரி இல்லை. சிந்தல் சிதறல், பை, ஆள்கூலி இவற்றுக்காக இரண்டு ரூபாய் வைத்து அதை 62 என்று எழுதினோம். வரிப்பதிவு பெற்ற கடைக்காரன் அந்த அரிசியையே முன்கூட்டி ஐந்து கிலோ பைகளாகக் கட்டி லேபிள் ஒட்டித் தட்டில் அடுக்கினால், வரியும் வந்துவிடும், மேற்சொன்ன அச்சுக் கடமைகளும் வந்துவிடும். என் தம்பி இதைக் கேட்டபின் ஐந்து கிலோ பைகளைக் கட்டுவதை நிறுத்திவிட்டான்.

பருப்புத் தட்டுக்கு வந்தால் பிரச்சினையே வேறு. கட்டிய பொட்டலத்தின்மேல் மொத்த விலையோடு அலகு விலையும் அச்சிடவேண்டும் என்று 2022-இல் வந்த ஏற்பாடு நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். ஆயினும் ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு என்ன விலை என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு என்ன விலை என்றும் அது சொல்லச் சொல்கிறது. ரூபாயில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தவும் சொல்கிறது. துவரம்பருப்பு அரைக்கிலோ பொட்டலம் 78 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.156, அச்சில் 0.16 ஆகிறது. வேறொரு கம்பெனியின் அரைக்கிலோ 82 ரூபாய் என்றால் 0.164, அதுவும் அச்சில் 0.16 தான். கிலோவுக்கு எட்டு ரூபாய் வித்தியாசமுள்ள இரண்டு பொட்டலங்கள் அச்சிட்ட அலகு விலையில் இரட்டைப் பிள்ளைகளைப்போல் நிற்கின்றன! கிராம் கணக்கில் பருப்பு வாங்குகிற குடும்பம் எதையும் நான் கண்டதில்லை. ஆகவே தட்டின் விளிம்பில் ஒட்டும் சீட்டில் எல்லாப் பொட்டலத்துக்கும், இருநூறு கிராமாயினும் இரண்டு கிலோவாயினும், கிலோ விலையையே எழுதினோம்: 156, 164. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கை எவ்வளவு அடிக்கடி பொய்யாகிறது என்பது, எழுதிக்கொண்டு போகும்போது எழுதுகிறவனுக்கே ஆச்சரியமாயிருக்கும்.

எண்ணெயில் இது இன்னும் சூட்சுமமானது. மரச்செக்கு நல்லெண்ணெயைச் செக்குக்காரர் கிலோ கணக்கில் கொடுக்கிறார். கம்பெனி பாக்கெட்டோ லிட்டர் கணக்கில் வருகிறது. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 920 கிராம்தான் இருக்கும். லிட்டர் 380 ரூபாய் என்ற பாக்கெட்டையும் கிலோ 400 ரூபாய் என்ற செக்கெண்ணெயையும் பார்க்கிறவர் பாக்கெட்டு இருபது ரூபாய் மலிவு என்று எடுத்துக்கொள்கிறார். கிலோவுக்கு மாற்றினால் பாக்கெட்டு 413 ரூபாய் ஆகிறது. போதாக்குறைக்கு 850 மில்லி, 800 கிராம் என்று ஒரு லிட்டரைப்போல் தோற்றமளிக்கும் பாக்கெட்டுகளும் இப்போது வருகின்றன. அந்தத் தட்டு முழுவதற்கும் கிலோ விலை என்ற ஒரே அளவையை வைத்துவிட்டோம். சரக்கின் தரம் எது உயர்த்தி என்பதைப் பற்றிச் சீட்டு வாய் திறக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். செக்கெண்ணெய்தான் வேண்டும் என்கிறவர் எந்த விலைக்கும் அதைத்தான் வாங்குவார், அவரை ஒரு சீட்டு திருப்பாது.

சீட்டை எங்கே ஒட்டுவது என்பதும் சாமான்யமான காரியமல்ல. தட்டின் விளிம்பில் ஒட்டிய சீட்டு, அந்தத் தட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் பொருளுக்கு என்பது கடைக்காரனின் கணக்கு. வாங்க வருகிறவரில் பாதிப்பேர் அதைக் கீழ்த்தட்டில் இருக்கும் பொருளுக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேலே உளுத்தம்பருப்பு, கீழே பாசிப்பருப்பு, நடுவில் விலை: பில் போடுமிடத்தில் சண்டை வருவதற்கு இதைவிட வேறொன்றும் வேண்டியதில்லை. மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுப் பார்த்தோம். அதை யாரும் கவனிக்கவில்லை. பொருளின் பெயரையும் பொட்டலத்தின் எடையையும் சீட்டிலேயே எழுதியபோதுதான் குழப்பம் தீர்ந்தது, ஏனென்றால் படிப்பவர் கையிலுள்ள பொட்டலத்தோடு அதை ஒத்துப் பார்த்துக்கொள்ள முடிகிறது. ஒரே பொருள் நாலு வரிசையாக அடுக்கியிருந்தால், இடப்பக்கத்து முதல் வரிசையின் கீழே சீட்டு இருக்கவேண்டும். நடுவில் ஒட்டினால் அடுத்த பொருள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

எழுத்தின் அளவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கையெட்டும் தூரத்தில் நிற்பவருக்கு ஒரு செண்டிமீட்டர் உயர எழுத்து போதும். மூன்று மீட்டருக்கு அப்பாலிருந்து படிக்கவேண்டிய "பூஜைச் சாமான்", "காப்பி, டீ" என்ற மேல்பலகைகளுக்கு இரண்டரை செண்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தமிழெழுத்தில் சுழிகளும் கொம்புகளும் அதிகமாகையால், கனமான மார்க்கர் பேனாவைக்கொண்டு சின்னதாக எழுதினால் ண-வும் ன-வும் ஒன்றாகிவிடும்; சின்ன எழுத்துக்கு மெல்லிய முனையே நல்லது. முழங்காலுக்குக் கீழே உள்ள தட்டின் சீட்டைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து ஒட்டவேண்டும். இல்லையேல் மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர்கள் குனிந்து படிக்கமாட்டார்கள், கேட்கவும் கூச்சப்பட்டு வாங்காமலே போய்விடுவார்கள். பில் மெஷினில் சூட்டினால் அச்சாகும் காகிதச் சீட்டுகள் எண்ணெய்த் தட்டில் வெகு நாள் நிற்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்குப் பட்டாலே எழுத்து மங்கிப்போகும். அங்கே மட்டும் கையால் எழுதி, மேலே கண்ணாடித்தாள் ஒட்டிவிடுவது நலம்.

கம்பெனிப் பொட்டலத்தின்மேல் அச்சிட்ட விலையைப் பற்றி ஒரு ஜாக்கிரதை. அந்த விலைக்குமேல் விற்கக் கூடாதென்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அதை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டுவதும் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய அச்சு தெரியும்படிதான் ஒட்டவேண்டும். என் தம்பி இப்போதெல்லாம் பொட்டலத்தைத் தொடுவதே இல்லை. குறைத்து விற்பதானால் தட்டு விளிம்புச் சீட்டில் "அச்சு விலை 90, நம் விலை 84" என்று எழுதிவிடுகிறான். ஸ்டிக்கர் செலவும் மிச்சம்.

தினம் மாறும் விலைகளான வெங்காயம், தக்காளி, தேங்காய், முட்டை இவற்றுக்குச் சிலேட்டும் சாக்கட்டியும்தான். மாதத்துக்கு ஒரு முறை மாறும் சீட்டுகளின் மூலையில் எழுதிய தேதியைச் சின்னதாகப் போட்டு வைப்பது வழக்கமாயிற்று. நாற்பது நாளுக்குமேல் பழைய தேதி கண்ணில் பட்டால், கம்ப்யூட்டரில் உள்ள விலையோடு ஒத்துப் பார்க்கவேண்டும் என்பது கடைப்பையனுக்கு இட்ட கட்டளை. சீட்டும் கம்ப்யூட்டரும் வேறு வேறு விலை சொல்வது எந்தக் கடையிலும் தவிர்க்க முடியாதது, ஏனென்றால் இரண்டையும் ஒரே க்ஷணத்தில் மாற்ற முடியாது. ஆனால் எதை முன்னால் மாற்றுவது என்பது நம் கையில் இருக்கிறது. விலை ஏறும்போது சீட்டை முதலில் மாற்றி, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும்; இறங்கும்போது கம்ப்யூட்டரில் முதலில் இறக்கி, பிறகு சீட்டுக்குப் போகவேண்டும். இந்த வரிசையை மீறாதிருந்தால், நடுவில் அகப்பட்டுக்கொள்கிற வாடிக்கைக்காரர் எவருக்கும் சீட்டில் பார்த்ததைவிடப் பில் கூடுதலாக வராது; குறைவாக வந்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. போன தீபாவளிக்கு முந்தின வாரம் கடலைமாவு விலை ஏறியபோது, ராத்திரி கடை கட்டியபின் அவன் முதலில் ஏணியை எடுத்துத் தட்டுப் பக்கம் போனதையும், அதன் பிறகே கல்லாவுக்கு வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்ததையும் பார்த்தேன்.